அம்மா சுடுற சப்பாத்தி, நான் சுடுற சப்பாத்தி, மேல தடவுற நெய்: மேக்ரோ எப்படிப் போடுறது?

அஸ்தம்பட்டி மாடிவீடு

நாலு மாசமா சாப்பிடுறதை எல்லாம் ஆப்ல போட்டுட்டு வரேன். எடை ஒழுங்கா இறங்கிட்டு இருந்தது. மூணு வாரம் முன்னாடி ஆத்தூர்ல இருந்து அம்மா வந்தாங்க. அன்னைல இருந்து முள்ளு அசையல. ராத்திரிக்கு மூணு சப்பாத்தி, கொஞ்சம் தட்டப்பயறு குழம்பு. முன்னாடியும் அதேதான், இப்பவும் அதேதான்.

ஆப்ல "மீடியம் சப்பாத்தி 1"னு தேடினா 104 கலோரி காட்டுது. மூணு போட்டா 312. ஆனா நான் சுட்டா உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசா வரும், அம்மா சுட்டா தட்டு நிறைஞ்சிடும். அதுக்கு மேல கல்லுல இருந்து எடுத்த சூட்டோட பிரஷ்ல நெய் ஒரு இழுப்பு. "ஒரு சொட்டுதான்டா"ன்னு சொல்றாங்க. மூணையும் அதே மீடியம்னு போடுறது தப்புன்னு தெரியுது. எப்படிப் போடணும்னுதான் தெரியல.

செவ்வாய்பேட்டை சால்னா

ப்ரோ, பரோட்டாவுக்குக் கலோரி பார்த்தா வாழ்க்கையே வெறுத்துடும். நான் ராத்திரி ரெண்டு பரோட்டாவும் ஒரு ஆஃபாயிலும்தான். மாவுருண்டையை எண்ணெய்லயே ஊறப் போட்டு வெச்சிருப்பாங்க, அதுல எவ்வளவு உள்ள போச்சுன்னு மாஸ்டருக்கே தெரியாது.

அஸ்தம்பட்டி மாடிவீடு

பரோட்டா இல்லைங்க, வீட்டு சப்பாத்தி. கோதுமை மாவு.

செவ்வாய்பேட்டை சால்னா

ஓ, தலைப்பை சரியாப் படிக்கல. இருந்தாலும் நானும் உக்காந்து கேக்குறேன்.

அளவுகோல்

இது சின்ன ஜியாமெட்ரிதான். வட்டத்தோட பரப்பு குறுக்களவோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும். உங்க சப்பாத்தி 6 இன்ச், அம்மாது 8 இன்ச்னா 36-க்கு 64. கிட்டத்தட்ட 1.8 மடங்கு. 104-ஐ 1.8-ஆல பெருக்குங்க, 187 வரும். நெய்க்கு ஒரு டீஸ்பூன்னு 40 சேருங்க. ஒரு ஸ்கேல் இருந்தாப் போதும்.

தராசுக்காரி

அளவுகோல் தம்பி சொல்றது பாதி சரி. கனம் ஒண்ணா இருந்தாத்தான் அந்தக் கணக்கு நிக்கும். ஒரே உருண்டையை 6 இன்ச்சுக்கும் தேய்க்கலாம், 8 இன்ச்சுக்கும் தேய்க்கலாம். பெருசாயிடுச்சுன்னு மாவு எங்கயும் இருந்து வந்து சேரப் போறதில்ல. அதோட 104-ங்கிறதே யாரோ வீட்டுச் சப்பாத்தி. அது எந்த அளவு, மாவுல எண்ணெய் விட்டாங்களா, ஒண்ணும் தெரியாது. அதை எதால பெருக்கினாலும் அந்த வீட்டுச் சப்பாத்திதான் பெருசாகும், உங்க வீட்டுது வராது.

சூரமங்கலம் பக்கம் ஒரு ஹாஸ்டல் சமையலறையில பதினோரு வருஷம் சரக்குக் கணக்கு பார்த்தவ நான். அங்க ஒரே வழிதான்: மாவை உருட்டுறதுக்கு முன்னாடி நிறுக்கணும்.

தராசுல பாத்திரத்தை வெச்சு ஜீரோ பண்ணிட்டு மாவு எவ்வளவுன்னு பாருங்க. எண்ணெய் விட்டா அதையும் நிறுங்க. தண்ணியை அளக்க வேண்டாம். பிசைஞ்ச பிறகு மொத்த மாவு உருண்டை எவ்வளவு இருக்குன்னு ஒரு தடவை நிறுத்தா தண்ணிக் கணக்கு தானா அதுல வந்துடும். தண்ணிக்குக் கலோரி இல்லை, ஆனா எடை இருக்கு. இந்த ஒரு இடத்துலதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க. அப்புறம் ஒவ்வொரு உருண்டையையும் தராசுல ஒரு நொடி வெச்சு எடுங்க.

அஸ்தம்பட்டி மாடிவீடு

அக்கா, அம்மா கைல தராசைக் குடுத்தா அதாலயே என்னை அடிப்பாங்க. உருண்டை வரைக்கும் நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன். நெய்க்கு என்ன பண்றது? என் தராசு 1 கிராம் கணக்குதான் காட்டும். சப்பாத்தியை வெச்சு ஜீரோ பண்ணித் தடவிப் பாத்தேன். ஒரு தடவை 3, ஒரு தடவை 5, ஒரு தடவை ஒண்ணுமே ஏறல.

தராசுக்காரி

ஒத்தச் சப்பாத்தில நெய்யை நிறுக்காதீங்க. 3 கிராம் பொருளை 1 கிராம் தராசுல பாத்தா மூணுல ஒரு பங்கு தப்பு அப்பவே வந்துடுது. இதுல சூடான சப்பாத்தில இருந்து ஆவி போயிட்டே இருக்கும். நீங்க நெய் தடவுற நேரத்துக்குள்ள தண்ணி கொஞ்சம் பறந்திருக்கும். ஒண்ணுமே ஏறலைங்கறது அதனாலதான்.

நெய்க் கிண்ணத்தை நிறுங்க. பிரஷ்ஷையும் அதுக்குள்ளயே போட்டு நிறுக்கணும், ஏன்னா புது பிரஷ் முதல் முக்குலயே நாலஞ்சு கிராம் குடிச்சு வெச்சுக்கும். எல்லாச் சப்பாத்தியும் சுட்டு முடிச்சதும் அதே கிண்ணம், அதே பிரஷ், மறுபடி நிறுங்க. குறைஞ்சதை எண்ணிக்கையால வகுத்துடுங்க. தப்பு 1 கிராம்தான், அதுவும் அத்தனை சப்பாத்திக்கும் பங்காயிடும்.

மாவு தொட்டுத் தேய்க்கிற தட்டையும் அதே மாதிரி முன்னாடி, பின்னாடி பாருங்க. அதுல பாதி பலகையில உதிர்ந்துடும், அதனால மண்டையை உடைச்சுக்க வேண்டாம். சப்பாத்திக்கு 2 கிராம்னு வெச்சாப் போதும்.

அஸ்தம்பட்டி மாடிவீடு

நேத்து ராத்திரி பண்ணினேன். அம்மாகிட்ட "ஆபீஸ் வேலை"ன்னு சொன்னேன், நம்பல.

மாவு 300 கிராம். எண்ணெய் 9 கிராம். பிசைஞ்சு முடிச்சு 500 கிராம். அம்மா 9 உருண்டை போட்டாங்க. நிறுத்தா எல்லாம் 53-ல இருந்து 57-க்குள்ள! கண்ணாலயே புடிக்கிறாங்க. நானும் அதே மாவுல ஒரு உருண்டை என் பழக்கத்துக்குப் புடிச்சுப் பாத்துட்டு திருப்பிப் போட்டேன், அது 35.

நெய்க் கிண்ணம் பிரஷ்ஷோட 212 கிராம். ஒம்பது சுட்டு முடிச்சதும் 172.

தராசுக்காரி

ஒரு சொட்டுன்னு சொன்ன நெய் 40 கிராம்!

உங்க மாவுப் பாக்கெட்ல 100 கிராமுக்கு 345 கலோரி, புரோட்டீன் 11, கார்ப் 72 பக்கம் போட்டிருக்கும்னு எடுத்துக்கறேன், பாத்துத் திருத்திக்கங்க. 300 கிராம் மாவுக்கு 1035 கலோரி. எண்ணெய் 9 கிராமுக்கு 81. ரெண்டும் சேர்ந்து 1116. அதை 500 கிராம் பிசைஞ்ச மாவுக்குப் பிரிச்சா கிராமுக்கு 2.23. இந்த ஒரு எண்ணைக் குறிச்சு வெச்சுக்கங்க, அன்னிக்கு மாவு பூராவுக்கும் இதுதான்.

அம்மா உருண்டை 55 கிராம்னா 123 கலோரி. தொட்டுத் தேய்ச்ச மாவுக்கு 2 கிராம் வெச்சாலும் 7 தான் வருது. நெய் 40-ஐ ஒம்பதால வகுத்தா 4.4 கிராம், கிராமுக்கு 9 கலோரின்னு அது ஒரு 40. ஆக ஒரு சப்பாத்தி 170. அதுல கார்ப் 25 கிராம், புரோட்டீன் 4-க்குக் கொஞ்சம் கம்மி, கொழுப்பு 6. மூணு சாப்பிட்டா 510. நீங்க போட்டது 312. தினம் ராத்திரி கிட்டத்தட்ட 200 கலோரி கணக்குலயே வரல.

உங்க 35 கிராம் உருண்டைக்கு நெய் இல்லாம 85 தான் வருது. மூணுக்கு 255. அதாவது முன்னாடி நீங்க 312-ன்னு கூடவே போட்டுட்டு இருந்திருக்கீங்க. அதனாலதான் அப்ப எடை நல்லா இறங்கியிருக்கு. ஆப் மாறல, உருண்டைதான் மாறிடுச்சு.

அஸ்தம்பட்டி மாடிவீடு

255-க்கும் 510-க்கும் சரியா ரெண்டு மடங்கு. நான் ரெண்டையும் "மூணு சப்பாத்தி"ன்னு எழுதிட்டு இருந்திருக்கேன்.

கன்னங்குறிச்சி மருமகள்

இதைப் படிச்சதும் வயித்துல புளி கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. என் மாமனாருக்கு சுகர். மூணு சப்பாத்தி சாப்பிட்டுட்டு இருந்தவரை "ரெண்டு போதும் மாமா"ன்னு நான்தான் குறைச்சேன். ஆனா மூணு சாப்பிட்டப்ப சுட்டது நான், சின்னதா. இப்ப ரெண்டு சுடுறது அத்தை, பெருசா. சாப்பிட்ட பிறகு பாக்குற சுகர் ஒண்ணும் குறையல. இதுவும் அதே கதையா?

தராசுக்காரி

உங்க வீட்டு உருண்டை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா மேல இருக்கிற எண்ணையே வெச்சுப் பாருங்க. 35 கிராம் உருண்டைல தொட்ட மாவோட சேர்த்து கார்ப் 16.5. மூணுக்கு 50. 55 கிராம் உருண்டைல 25. ரெண்டுக்கு 50. எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, தட்டுல இருக்கிற மாவு அப்படியே இருக்கு. ஒரு நாள் உருண்டையை நிறுத்துப் பாத்துட்டு அந்த எண்ணோட டாக்டர்கிட்டப் போங்க. மாத்திரையை நீங்களா ஒண்ணும் பண்ணிடாதீங்க.

நாட்டு நெய் பிரியன்

நெய் தடவினா சப்பாத்தி சுகரை ஏத்தவே ஏத்தாது. மாமனாருக்குத் தாராளமா நெய் விட்டுக் குடுங்க. எங்க தாத்தா 92 வயசு வரைக்கும் இருந்தார். கலோரிங்கறதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு.

தராசுக்காரி

கொழுப்பு சேர்ந்தா வயித்துல இருந்து சாப்பாடு மெதுவா இறங்கும், அதனால சுகர் சட்டுனு ஏறாம கொஞ்சம் கம்மியா, கொஞ்சம் தள்ளி ஏறும். அது வரைக்கும் நீங்க சொல்றது நிஜம். ஆனா 25 கிராம் கார்ப் 25 கிராமாத்தான் இருக்கும், நெய் அதைக் குறைக்காது. மேல 40 கலோரி ஏத்தும். ரெண்டு மணி நேரத்துல டெஸ்ட் பண்ணி நல்லா இருக்குன்னு விட்டுட்டா, அதுக்கப்புறம் ஏறினது தெரியாமலே போகவும் வாய்ப்பிருக்கு.

தாத்தாவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அவர் சாப்பிட்டுட்டு எத்தனை கிலோமீட்டர் நடந்தார்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.

நாட்டு நெய் பிரியன்

ஓமலூர் சந்தைக்கு நடந்தே போயிட்டு வருவார். சரி, விடுங்க.

ஏற்காடு எஸ்டேட் குவார்ட்டர்ஸ்

கீழ சேலத்துல இருக்கிறவங்களுக்கு பிரஷ் சரிப்படும். இங்க மார்கழி, தைல நெய் உறைஞ்சு கட்டியா நிக்கும். பிரஷ் உள்ளயே போகாது. ஸ்பூனால சுரண்டி சூடான சப்பாத்தி மேல வெச்சு, அதுவா உருகட்டும்னு விட்டுடுவோம். ஆப்ல ஒரு டீஸ்பூன்னு போட்டா 40-ங்குது. சரிதானே?

தராசுக்காரி

உருகின நெய் விளிம்போட மட்டமா இருந்தா ஒரு டீஸ்பூன் 4.5 கிராம், 40 கலோரி. உறைஞ்ச நெய்யை யாரும் மட்டமா எடுக்கிறதில்ல, குவிஞ்சுதான் வரும். ஒரு தடவை சுரண்டி, ஸ்பூனோட நிறுத்து, ஸ்பூன் எடையைக் கழிச்சுப் பாருங்க.

ஏற்காடு எஸ்டேட் குவார்ட்டர்ஸ்

பாத்தேன். 11 கிராம். நான் எடுத்தது நியாயமான அளவுன்னுதான் நினைச்சேன். என் சம்சாரம் எடுத்தது 8. ரெண்டு பேரும் அதே ஸ்பூன்தான்.

ஒரு சப்பாத்திக்கு 99 கலோரி நெய்லயே போயிருக்கு, மாவுக்கு ஈடா. இனிமே கிண்ணத்தை சுடுதண்ணில வெச்சு உருக்கிட்டுத்தான் தொடணும் போல.

அளவுகோல்

தராசுக்காரி அக்கா சொன்னது உறுத்திட்டே இருந்தது, அதனால நேத்து நானே பண்ணிப் பாத்தேன். 40 கிராம்ல எட்டு உருண்டை. நாலை 6 இன்ச்சுக்குத் தேய்ச்சேன், நாலை 8 இன்ச்சுக்கு. எட்டு இன்ச்சுது நல்லா மெலிசு, ஒண்ணு கல்லுல போடும்போதே கிழிஞ்சுடுச்சு. மாவு ஒண்ணுதான், ஒத்துக்கறேன்.

ஆனா நெய்க் கிண்ணத்தைத் தனித்தனியா நிறுத்தேன். 6 இன்ச் நாலுக்கு 9 கிராம் குறைஞ்சது, 8 இன்ச் நாலுக்கு 15. அதாவது ஒண்ணுக்கு 2.25-ம் 3.75-ம். நான் சொன்ன வர்க்கக் கணக்கு மாவுக்குத் தப்பு, நெய்க்குக் கிட்டத்தட்ட சரி!

தராசுக்காரி

அடடே, இதை நான் யோசிக்கவே இல்ல. மாவு உருண்டை எடைப்படி போகுது, நெய் பரப்பளவுப்படி போகுது. மெலிசாத் தேய்ச்சா கலோரி கம்மின்னு நினைக்கிறவங்களுக்கு இது நேர் எதிரா வேலை செய்யும். உருண்டை குறையாம மெலிசாகிற சப்பாத்தி கூட நெய் குடிக்கும்.

முக்கோணமா மடிச்சுத் தேய்க்கிறவங்களுக்கு இன்னொண்ணு. மடிக்கும்போது உள்ள தடவுற எண்ணெய், கல்லுல ஓரத்துல விடுற எண்ணெய், கடைசில மேல நெய், மூணு இடம் ஆகுது. மூணுக்கும் ஒரே கிண்ணம் வெச்சா ஒரே நிறுவைல முடிஞ்சுடும். மசாலா வெச்ச ஆலு பராத்தான்னா அந்த உருளைக்கிழங்கு மசாலாவைத் தனியா நிறுத்துக் கணக்குப் போடுங்க, மாவோட கலந்து குழப்பிக்காதீங்க.

ஐந்து ரோடு மெஸ் சாப்பாடு

நான் தனியா இருக்கேன், சப்பாத்தி மெஸ்ல பார்சல் வருது. உருண்டை எடைக்கு எங்க போவேன்? சுட்ட சப்பாத்தியை நிறுத்தா 46 கிராம். ஆப்ல கோதுமை மாவு 46 கிராம்னு போட்டுட்டு வரேன்.

தராசுக்காரி

அப்படிப் போட்டா 159 வரும். அதுல தண்ணியும் இருக்கு தம்பி. 55 கிராம் உருண்டையும் தொட்ட மாவும் சேர்ந்து கல்லுல சுட்டதும் பத்து கிராம் ஆவியாப் போயி ஏறக்குறைய 46-லதான் நிக்கும், அதுக்கு 130 தான். இதே 46-ஐ பிசைஞ்ச மாவு எடைன்னு போட்டா 103 ஆகிடும், அது கம்மி. நெய் தடவாத, மெத்துனு இருக்கிற சப்பாத்திக்கு கிராமுக்கு 2.8 வெச்சுக்கங்க. ரொம்ப நேரம் கல்லுல போட்டு அப்பளம் மாதிரி விறைச்சதுன்னா தண்ணி இன்னும் போயிருக்கும், அப்ப 3-க்கு மேல வரும். மெஸ்ல எண்ணெய் தடவியிருந்தா எடையைப் பாத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கிழிச்சு ஒரு டிஷ்யூல அழுத்திப் பாருங்க, கண்ணாடி மாதிரி கறை விழுந்தா ஒரு 3 கிராம் சேர்த்துக்கங்க. அது வெறும் யூகம்தான்.

கன்னங்குறிச்சி மருமகள்

எங்க வீட்டுல ரேஷன் கோதுமையை மில்லுல குடுத்து அரைக்கிறது. பாக்கெட்டே கிடையாது. 345-னு போடலாமா?

தராசுக்காரி

போடலாம். ஐதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல வெளியிட்ட அட்டவணைல கோதுமை மாவுக்கு 320 பக்கம் இருக்கு, பாக்கெட்காரங்க 340-க்கு மேல போடுறாங்க. நார்ச்சத்தை எப்படிக் கணக்குல எடுக்கிறாங்கங்கறதுலயும் மாவோட ஈரத்துலயும் இந்த வித்தியாசம் வருது. சலிக்காத மில் மாவுக்கு நான் 320 எடுப்பேன். சலிச்சுத் தவிட்டை எடுத்துடுவீங்கன்னா பாக்கெட் எண் பக்கம் போங்க. 30 கிராம் மாவுக்கு 7, 8 கலோரிதான் இழுக்கும். நெய்க் கிண்ணத்தை விட்டுட்டு இதுல சண்டை போட வேண்டாம்.

அளவுகோல்

320-ஆ 345-ஆங்கறது தினம் பத்து சப்பாத்தி சாப்பிடுறவருக்கு 75 கலோரி. அவ்வளவு லேசா விடக் கூடாதுக்கா.

தராசுக்காரி

தினம் பத்து சப்பாத்தி சாப்பிடுறவருக்கு வேற பிரச்சினை இருக்கு தம்பி.

அஸ்தம்பட்டி மாடிவீடு

ஒரு வாரம் ஆச்சு. இப்ப உருண்டை 45 கிராம்னு அம்மாவோட ஒப்பந்தம் ஆயிருக்கு. நெய் ஒரு பக்கம் மட்டும். நாலு நாள் கிண்ணம் நிறுத்ததுல ஒண்ணுக்கு 2.5 கிராம் வருது. ஒரு சப்பாத்தி 130 பக்கம். எடை இறங்குதான்னு சொல்ல ஒரு வாரம் பத்தாது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அம்மா ஹாட்பேக்ல அடில துணி விரிச்சுத்தான் அடுக்குவாங்க. அந்தத் துணி சாயங்காலம் நெய்யா இருக்கு. அதைக் கழிக்கணும்தானே? துணியை முன்னாடி நிறுத்தேன், 38 கிராம். சாப்பிட்டு முடிச்சதும் 45. அப்ப 7 கிராம் நெய் துணிக்குப் போயிடுச்சா?

தராசுக்காரி

அந்த 7-ல முக்கால்வாசி ஆவித் தண்ணியா இருக்கும். துணியை ராத்திரி பூரா கொடில காயப் போட்டுக் காலைல நிறுங்க, மிச்சம் நிக்கிறதுதான் நெய். அடில இருக்கிற சப்பாத்தியும் மேல இருக்கிறதும் ஒரே அளவு விடாது, அதையும் மனசுல வெச்சுக்கங்க.

ஏற்காடு எஸ்டேட் குவார்ட்டர்ஸ்

காலைல எவ்வளவு இருந்துச்சு? இங்க குளிருக்கு நாங்க துணியே ரெண்டு மடிப்பு போடுறோம், எனக்கும் அந்தக் கணக்கு வேணும்.

அஸ்தம்பட்டி மாடிவீடு

காலைல எந்திரிச்சுப் பாத்தேன். அம்மா அஞ்சு மணிக்கே சோப்பு போட்டுத் துவைச்சுட்டாங்க.